கர்வ்ஸ் போட்ட ரெஸ்யூமே

இளமாறனுக்கு எதையும் அழகாகச் செய்யாவிட்டால் தூக்கம் வராது. தாம்பரம் முடிச்சூர் சாலையில் அவன் நடத்தும் டிடிபி கடைக்கு 'வீடு வாடகைக்கு' என்று ஒரு தாள் அடிக்க வந்தால்கூட, ஓரத்தில் ஒரு பூவாவது வைத்துத்தான் அனுப்புவான். அப்பேர்ப்பட்டவன் சொந்தப் பெண்டாட்டியின் ரெஸ்யூமேயைச் சும்மா விடுவானா?

தீபலட்சுமி சிறுசேரியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தவள். நன்றாகத்தான் பார்த்தாள். ஆட்குறைப்பு என்று ஒருநாள் கூப்பிட்டு லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். "விடு தீபா, உன் அனுபவத்துக்கு ஒரு மாசத்துல வேற வேலை வந்து கதவைத் தட்டும்" என்று சொல்லி, இளமாறன் தான் பத்திரிகை வடிவமைக்கும் கோரல்டிரா மென்பொருளில் உட்கார்ந்து அவளுக்கு ஒரு ரெஸ்யூமே செய்தான். இடப்பக்கம் கரும்பச்சைப் பட்டை, அதில் வட்டமாக அவள் படம், கீழே தெரிந்த வேலைகள், மொழிகள், வலப்பக்கம் அனுபவம். கல்யாணப் பத்திரிகை தோற்றுப்போகும்.

அனுப்பினாள். எட்டு மாதமாக அனுப்பிக்கொண்டே இருந்தாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல். நேர்முகத்துக்குக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தாலாவது மனம் ஆறும். ஒருத்தரும் கூப்பிடவே இல்லை. முதலில் கம்பெனிகளைத் திட்டினாள். அப்புறம் காலத்தைத் திட்டினாள். கடைசியில் தன்னையே திட்டத் தொடங்கியதுதான் இளமாறனுக்குத் தாங்கவில்லை. "எனக்கு என்னங்க தெரியும்? புதுசா வர்ற பசங்க எல்லாம் தெரிஞ்சிகினு வர்றாங்க" என்பாள். வேலை கிடைத்ததா என்று கேட்பார்களே என்று தங்கை வளைகாப்புக்குக்கூடப் போகவில்லை. போன வாரம் சண்முகம் சாலை ஜவுளிக்கடையில் பில் போட ஆள் வேண்டும் என்று கேட்டுவந்து, அடுத்த வாரம் திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன் என்று சொல்லியும் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தவளுக்கு ஜோசலினிடமிருந்து போன் வந்தது. ஜோசலின் முன்பு இவளோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் போனவள். இப்போது வேறொரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். அவள் கம்பெனியில் டெஸ்டிங்குக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து, தீபலட்சுமி வெட்கத்தை விட்டு அவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். இளமாறனும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"தீபா, நீ எங்க கம்பெனிக்கு முன்னாடியே அப்ளை பண்ணியிருக்க. பேரும் நம்பரும் இருக்கு, அது நீ ஃபார்ம்ல டைப் பண்ணது. ஆனா ரெஸ்யூமேல இருந்து எடுத்த இடமெல்லாம் காலியா இருக்கு. ஸ்கில் இல்ல, கம்பெனி பேர் இல்ல, ஒண்ணுமில்ல."

"ஃபைல் திறக்கலையா?"

"திறந்தா அழகா இருக்கு. ஆனா யாருடி திறந்து பார்க்கறா? சாஃப்ட்வேர் எழுத்தைப் படிச்சி வரிசை போடும். மேல வர்றவங்களைத்தான் நாங்க பார்ப்போம். உனக்கு எழுத்தே இல்ல, நீ அடியில கெடக்குற. ஒண்ணு பண்ணு. ரெஸ்யூமேயத் திறந்து மொத்தமா செலக்ட் பண்ணி, காப்பி பண்ணி, நோட்பேட்ல பேஸ்ட் பண்ணு. அதுல என்ன வருதோ, ஏறக்குறைய அதான் எங்களுக்கும் வரும்."

இளமாறன் சோற்றுக்கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். பிடிஎஃப்பைத் திறந்தான். கண்ட்ரோல் ஏ, கண்ட்ரோல் சி. நோட்பேடில் ஒட்டினான்.

'அன்புடையீர், எங்கள் செல்வப் புதல்வியின் மஞ்சள் நீராட்டு விழாவிற்கு' என்று வந்து நின்றது.

"இன்னா இது?" என்றான். காலையில் யாருக்கோ அடித்த அழைப்பிதழ். திரும்பச் செய்தான். திரும்பவும் மஞ்சள் நீராட்டு. ரெஸ்யூமேயிலிருந்து எதுவுமே காப்பி ஆகாததால், காலையில் காப்பி செய்தது அப்படியே இருந்து வந்து விழுகிறது. சுட்டியை அவள் பெயரின் மேல் வைத்து இழுத்துப் பார்த்தான். ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அச்சகத்துக்கு அனுப்பும் எதையும் டிடிபிக்காரன் கடைசியில் 'கர்வ்ஸ்' போட்டுத்தான் அனுப்புவான். அதாவது எழுத்தை எழுத்தாக விடாமல் கோட்டுப் படமாக மாற்றிவிடுவது. இல்லாவிட்டால் நம்மிடம் இருக்கும் ஃபான்ட் அச்சகத்தில் இருக்காது. மாப்பிள்ளை பெயர் பத்திரிகையில் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டு அவமானப்பட்டதிலிருந்து இளமாறனுக்கு அது கைப்பழக்கம். மனைவியின் ரெஸ்யூமேக்கும் முடித்த கையோடு எல்லாவற்றையும் செலக்ட் செய்து கர்வ்ஸ் போட்டுத்தான் பிடிஎஃப் எடுத்திருக்கிறான். கண்ணுக்கு அது தீபலட்சுமி. இயந்திரத்துக்கு வெறும் கோடு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்து, அதை ஊரெல்லாம் அனுப்பியும் வைத்தாயிற்று.

விஷயத்தைச் சொன்னான்.

தீபலட்சுமி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ யாருமே என்னைப் படிக்கலையா?" என்றாள். "வேணாம்னு சொல்லலையா?" அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். அதைப் பார்த்துத்தான் இளமாறனுக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் அவள் தன்னை மக்கு என்று நம்பியிருக்கிறாள். அந்த நம்பிக்கையைத் தன் கையாலேயே தயாரித்துக் கொடுத்திருக்கிறான்.

கர்வ்ஸ் போடாத பழைய ஃபைல் இருந்தது. அதைப் பிடிஎஃப் எடுத்து ஒட்டிப் பார்த்தார்கள். எழுத்து வந்தது, ஆனால் இடப்பக்கத்து வரியும் வலப்பக்கத்து வரியும் கலந்து, கம்பெனி பெயருக்கு நடுவே அவளுக்குத் தெரிந்த மொழிகள் புகுந்திருந்தன. "பட்டையும் வேணாம் படமும் வேணாம். நகருங்க" என்று அவளே உட்கார்ந்து, வேர்டில் இரண்டு பக்கமாகப் பிரிக்காமல், மேலிருந்து கீழாக அடித்தாள். பார்க்க ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி இருந்தது. நோட்பேடில் ஒட்டினாள். பெயர், போன், வேலை, தேதி, எல்லாம் வரிசை தப்பாமல் வந்தது. ஜோசலினுக்கு அனுப்பினார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். "இப்ப சுத்தமா வந்துருச்சு தீபா. ஸ்கில்லுக்கு நல்ல மார்க். ஆனா..." என்று இழுத்தாள். "கடைசி வேலை முடிஞ்ச தேதியையும் எடுத்துருச்சுல்ல? ஆறு மாசத்துக்கு மேல வேலை இல்லாம கேப் இருந்தா தனியா ஒதுக்கற மாதிரி எங்க ஆளுங்க செட் பண்ணி வச்சிருக்காங்க. நீ அதுல போயிட்ட. முதல் தடவையே இப்படி அனுப்பியிருந்தா நேரா இன்டர்வியூதான். மேனேஜர்கிட்ட சொல்லிப் பார்க்கறேன், நம்பிகினு இருக்காத."

தீபலட்சுமி போனை வைத்தாள். சாப்பாட்டுப் பாத்திரம் திறந்தபடி கிடந்தது.

"இனிமே யார் படிச்சாலும் அந்தக் கேப்பைத்தான் படிப்பாங்க," என்றாள் தீபலட்சுமி. "ஏன்னு கேட்டா என்ன சொல்றது?"

"என் மேலதான் தப்புன்னு போடு தீபா. புருஷன் கெடுத்துட்டான்னு போடு."

அவள் கோபப்பட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் பாத்திரத்தை மூடிப் பையில் வைத்தாள்.

"அதுக்கெல்லாம் எந்த ஃபார்ம்லயும் இடம் இல்லைங்க," என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை ஜவுளிக்கடைக்குக் கட்டிக்கொண்டு போகச் சேலைக்கு இஸ்திரி போட வேண்டும் என்று வீட்டுக்குக் கிளம்பினாள்.