ஆறுக்குக் கீழே இறங்காத தண்ணீர்

எங்கள் மீன் பண்ணையில் என் வீட்டுக்காரருக்குச் செல்லம் மகாராணி என்கிற மீன்தான். விரல் நீளத்தில் வந்தவள், இப்போது முழங்கை நீளம். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி விழுந்ததும் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

வலை போட்டால் பயப்படுவாள் என்று தொட்டியிலேயே வைத்தியம். ஆயிரம் லிட்டரில் நூறை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வடித்துவிட்டு, ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைத்தார். லிட்டருக்குப் பதினைந்து கிராம். பத்து நிமிஷம் கழித்து நல்ல தண்ணீர் விட்டு நிரப்பிவிட வேண்டும். இரண்டு கிராமுக்கு மேல் அவள் ரொம்ப நேரம் தாங்கமாட்டாள்.

தெருக்குழாயைத் திறந்தார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. மற்ற தொட்டிகளெல்லாம் மீன் விற்றுக் காலியாகக் கிடந்தன. அக்கம்பக்கம் ஓடினேன். எல்லார் வீட்டிலும் குடிக்க ஒரு செம்புதான் இருந்தது. தண்ணீர் கேன்காரன் போனையே எடுக்கவில்லை, பாவி.

"போர் மோட்டாரைப் போடு."

"ஐயோ, அது தரை கழுவுற உப்புத் தண்ணிங்க!"

"இதுக்கு அது தேவலாம்ல? போடு."

உப்பு அளக்கும் மீட்டரை நான் பிடித்தேன். நூறு லிட்டர் சேர்ந்ததும் பதினைந்து பத்தரையானது. "பாத்தியா!" என்று சிரித்தார். அடுத்த நூறில் ஒன்பது. அதற்கப்புறம் அறுநூறு லிட்டர் கொட்டியும் ஏழில்தான் வந்து நின்றது.

மீட்டரைக் கழுவி, குழாய் வாயிலேயே நீட்டினேன். ஆறு.

"என்னங்க, வர்ற தண்ணியிலயே ஆறு இருக்கு. எவ்வளவு ஊத்தினாலும் ஆறு பக்கத்துல போகும், ஆறுக்குக் கீழ போகாது."

"நீ சும்மா இரு. இறங்குதுல்ல?"

"இறங்குது. ரெண்டுக்கு வராது. மொத்தத்தையும் கொட்டிட்டு இதையே நிரப்பினாலும் ஆறுதான்."

"அப்போ ஒரு குளம் அளவு ஊத்தினா?"

"குளமும் ஆறுதாங்க."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அவர் மேலா தண்ணீர் மேலா தெரியவில்லை. கணக்குத் தெரிந்து என்ன புண்ணியம்? ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு வக்கில்லை.

தொட்டி நிரம்பியது. ஆறு புள்ளி ஒன்பது. விளிம்பு வழிந்து எங்கள் கால் நனைந்தது. மகாராணி ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். அவர் சட்டையோடு கையை உள்ளே விட்டு, அடிவயிற்றைத் தாங்கி நிமிர்த்திப் பிடித்தார். விட்டால் மறுபடி சாய்ந்தாள்.

"மோட்டாரை நிறுத்தட்டுமாங்க?"

"வேணாம்டி. இன்னும் கொஞ்சம் ஓடட்டும்."

நிறுத்தவில்லை. அவளுக்காக இல்லை, அவருக்காக.

செவுள் திறந்தது, மூடியது. பிறகு திறக்கவில்லை. அவர் கையை எடுக்கவே இல்லை.

"இப்ப எவ்வளவு காட்டுது?" என்று கேட்டார்.

"ஆறரைங்க," என்றேன். இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.