மீன் இல்லாத நாளில் யார் கடை நடத்துவது?

நாகர்கோவிலில் எங்கள் கடைக்கு மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன்கறியும்தான் பேர். நல்ல மீன் கிடைக்காத அன்றைக்கு, "இன்று மீன் இல்லை" என்று வாசலில் போர்டு மாட்டிக் கடையை அடைத்துவிடுவோம். ஐஸ் மீனை நான் அடுப்பில் ஏற்றியதே இல்லை. அந்தப் பிடிவாதத்துக்கே ஆட்கள் வருகிறார்கள் என்று நான் சொல்வேன். பிடிவாதத்துக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை என்று என் வீட்டுக்காரர் ஜெபிஷ் சொல்வார்.

அஞ்சுகிராமத்தில் ஒரு கிளை திறக்கலாம் என்று முடிவானதும் சண்டை தொடங்கியது. ஜெபிஷுக்கு பிராஞ்சைஸ்தான் வேண்டும். முதல் வேறு ஒருவர் போடுவார், நம் பேரில் கடை நடத்துவார், மசாலாவை நம்மிடம் வாங்குவார், விற்பனையில் நூற்றுக்கு ஆறு ராயல்டி தருவார். நஷ்டம் வந்தால் அவர் பாடு. நாமே நடத்தவேண்டும் என்பது என் கட்சி; லாபம் முழுக்க நமக்கு. ஆனால் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்க வேண்டும்.

"கடை படுத்தா எங்கட்டி போவ? சர்ச்சுத் திண்டிலயா கெடப்ப?" என்றார்.

"பேரு கெட்டா ரெண்டு கடையும் படுக்கும். அதுக்கு எங்க போவிய?" என்றேன்.

வீடா, பேரா? எனக்கும் பதில் தெரியவில்லை. வாயடிப்பது வேறு, தெரிவது வேறு. அதனால் சோதித்துப் பார்க்க ஒரு வழி செய்தேன். பிராஞ்சைஸ் கேட்டு வந்தவன் ஆன்ஸ்லின், குவைத்தில் பத்து வருஷம் கேட்டரிங் வேலை பார்த்தவன். கிளையை நாமே நடத்தினால் மேனேஜராகப் போகவேண்டியவன் சுஜின், ஒன்பது வருஷமாக எங்கள் சமையல் மாஸ்டர். ஆளுக்கு ஒரு வாரம் எங்கள் கடையை விட்டுக்கொடுத்தேன். ஆன்ஸ்லினுக்கு, பிராஞ்சைஸுக்காக நான் எழுதிவைத்திருந்த ஒப்பந்தப்படி லாபமும் நஷ்டமும் அவனுக்கே, ராயல்டி உண்டு, விற்பனை குறைந்தாலும் ஒரு குறைந்தபட்சத் தொகை கட்டியே ஆகவேண்டும். சுஜினுக்கு வழக்கமான சம்பளம். வேண்டுமென்றேதான் ஆடி மாதத்தில் வைத்தேன். மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வள்ளங்கள்தான் கடலுக்குப் போகும், காற்று வீசினால் அவையும் கரையில் கிடக்கும்.

ஆன்ஸ்லின் முதல் மூன்று நாளும் பிரமாதமாக நடத்தினான். நான்காம் நாள் பலத்த காற்று. மதியம் போனேன், கடையில் கூட்டம். கறியை ஒரு வாய் வைத்தேன். துண்டு பஞ்சு மாதிரி நாக்கில் ஒட்டியது.

"ஐஸ் மீனா லே?"

அவன் மழுப்பவில்லை. "ஆமா எக்கா. விக்காட்டாலும் மினிமம் கெட்டணும்னு நீங்கதானே எழுதியிருக்கிய? வாடகை, கூலி, எல்லாம் எந்தலையில. போர்டு மாட்டுனா நான் எங்க போவேன்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவன் சொன்னதில் தப்பு எங்கே என்று வீட்டுக்கு வரும்வரை தேடியும் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் சுஜின். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கே போர்டு. "பாத்தியளா, என் கையில பழகுனவன்" என்று ஜெபிஷிடம் பெருமையடித்தேன். புதன்கிழமையும் போர்டு. வியாழனும் போர்டு. எனக்குச் சந்தேகம் தட்டி, பஸ் ஏறி குளச்சலுக்குப் போனேன். நாலைந்து வள்ளம் வந்திருந்தது. மீன் குறைவு, விலை நெருப்பு, ஆனால் துள்ளத் துள்ளச் சாளை மீன். திரும்பி வந்து சுஜினிடம் கேட்டேன்.

"வடசேரிச் சந்தையில இல்லன்னாவ எக்கா. மாட்டிட்டேன். அதுதானே நம்ம முறை?" என்றான் சுஜின். பாவி, அவன் சொன்னதிலும் தப்பில்லை. போர்டு மாட்டினாலும் அவன் சம்பளம் குறையாதே.

இரண்டு ஆளைச் சோதிக்கிறோம் என்று நினைத்தேன். சோதனையில் தோற்றது நான் போட்ட ஏற்பாடுதான். ஒப்பந்தம் ஒருவனைப் போர்டு மாட்டவிடாமல் செய்தது, மாறாத சம்பளம் இன்னொருவனைப் போர்டோடு நிறுத்திவிட்டது.

மினிமத்தை எடுத்துவிட்டு ஆன்ஸ்லினுக்கே கொடுக்கலாம் என்றார் ஜெபிஷ். எடுத்தாலும் வாடகை அவன் கழுத்தில்தானே நிற்கும்? மீன் இல்லாத நாளின் நஷ்டத்தைத் தாங்குகிறவன்தான் போர்டு மாட்டமுடியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது நான். மறுநாளே பத்திரத்தை பேங்கில் வைத்தோம். கிளை எங்களுடையது, மீன் தேடி அலைய சுஜினுக்கும் ஒரு காரணம் இருக்கட்டும் என்று, சம்பளத்தோடு கிளை லாபத்தில் நாலில் ஒரு பங்கு. கையெழுத்துப் போடும்போது ஜெபிஷ் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஐப்பசியில் திறந்தோம். முதல் மாசமே புயல் எச்சரிக்கை, பதினோரு நாள் யாரும் கடலுக்குப் போகவில்லை. மாசக் கடைசியில் சுஜின் வந்தான். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று விடியுமுன் அலைந்து கண் உள்ளே போயிருந்தது.

"பங்கு ஒண்ணும் இல்ல எக்கா. நஷ்டம்தான்" என்றான். "மீன் வாற வரைக்கும் கிழங்குக்கு வெறும் புளிக்கறி வச்சுப் பாக்கட்டா? நல்ல புளிக்கறி. ஐஸ் மட்டும் வேண்டாம் எக்கா, பேரு போயிரும்." சொல்லச் சொல்ல அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஜெபிஷ் எழுந்துபோய் அவன் தோளில் கை வைத்தார். கடன் தவணை அப்படியே நிற்கிறது, வீடு பேங்கில் கிடக்கிறது. இருந்தும், நஷ்டத்திலும் பேரைக் காக்க என்னோடு இன்னொருவன் இருக்கிறான் என்று தெரிந்த அன்றைக்குத்தான் எனக்குப் பயம் விட்டது.