ராசி ஸ்பஞ்சு

ஒரு ஸ்பஞ்சு என் பொழப்புல மண்ணப் போட்டுச்சுன்னு சொன்னா சிரிப்பீங்க. சிரிங்க. உங்க மூஞ்சி நல்லாக் கீது, சிரிக்கலாம்.

என் பேரு ரெபேக்காள். செங்கல்பட்டுல கீத்துக் கொட்டாய் போட்டு ஓடிக்கினு இருந்த ஜானகிராமன் நாடக சபாவுல நான் இளவரசி வேஷம் கட்டுனேன். ஜானகிராமன்தான் முதலாளி, அவரேதான் ராஜா வேஷமும். எங்கம்மா பேரு பாப்பா, அது அப்போ திருப்போரூர் பக்கத்துல ஆண்டை நெலத்துல நாத்து நட்டுக்கினு இருந்துச்சு. குனிஞ்சு குனிஞ்சு முதுகே நிமிராது அதுக்கு. நான் சினிமாவுல ஏறி, மெட்ராஸ்ல ஒரு வூடு புடிச்சு, அத சேத்துல இருந்து தூக்கிடணும். எனக்கு இருந்த ஆசையெல்லாம் இந்த ஒண்ணுதான்.

எங்க கம்பெனியில ஒரு பழக்கம். புது நாடகம் பூஜை போடுற அன்னிக்கு மேக்கப் பொட்டிக்கு கற்பூரம் காட்டுவாங்க. புது ஸ்பஞ்சு ஒண்ண எடுத்து, முதல்ல முதலாளி நெத்தியில ஒத்தி, அப்புறம் எங்க எல்லாரு நெத்தியிலயும் ஒத்துவாங்க. அதுதான் ராசி ஸ்பஞ்சு. நாடகம் ஓடி முடியற வரைக்கும் அதுல சோப்பு படக் கூடாது. சோப்பு பட்டா ராசி கரைஞ்சு பூடுமாம், ஜனம் வராதாம். உதட்டுக்குச் சாயம் பூசுற பிரஷ்ஷும் அப்படியே. ஒரே பிரஷ், எல்லாரு உதட்டுலயும் போவும்.

அந்த வருஷம் நாடகம் பிச்சுக்கினு ஓடுச்சு. ஓட ஓட அந்த ஸ்பஞ்சு இன்னா கெதி ஆவும், நெனச்சுப் பாருங்க! பேன்கேக்னு ஒரு மாவுக்கட்டி, அதப் பூசணும்னா ஸ்பஞ்ச தண்ணியில நனைச்சு, கட்டியில தேச்சு, மூஞ்சில இழுக்கணும். வேர்வை, எண்ணெய், நேத்து பூசுன மாவு, முந்தாநேத்து பூசுன மாவு, எல்லாம் அதுக்குள்ள ஊறிக் கெடக்கும். வேல முடிஞ்சதும் ஈரத்தோட தகர டப்பாவுல போட்டு மூடிடுவாங்க. மறுநாள் மூடியத் தொறந்தா கருவாட்டுச் சட்டி தேவலாம்னு தோணும். ரெண்டு பேருக்கு ஒரு ஸ்பஞ்சுன்னாக்கூட வுட்டுடலாம். சேவகன், தோழி, மந்திரி, நான், மொத்தக் கூட்டத்துக்கும் அது ஒண்ணுதான். முதலாளி மட்டும் தனி அறையில வேஷம் போடுவாரு. அவரு ராஜா இல்ல?

மேக்கப் போடுறவரு முனீர் பாய். நல்ல மனுஷன். ஆனா வாயில்லாப் பூச்சி.

முதல்ல என் தாடையில சின்னச் சின்னதா பொரிப்பொரியா வந்துச்சு. சேவகன் வேஷம் கட்டுற கருப்பனுக்கும் மீசை ஒட்டுற எடத்துல வந்துச்சு. எல்லாரும் சூடு, மோர் குடின்னாங்க. குடம் குடமா மோர் குடிச்சேன். பொரி கொப்புளமாச்சு. கொப்புளத்த மறைக்க இன்னும் கெட்டியா பூசுனோம். பூச பூச இன்னும் வந்துச்சு.

"பாய், இத சோப்பு போட்டு ஒரு தபா அலசேன். இல்லாங்காட்டி எனக்குத் தனியா ஒண்ணு குடு"ன்னேன்.

பாய் வாசப்பக்கம் ஒரு பார்வை பார்த்துட்டு, "என்னால ஆவாதும்மா. முதலாளியண்ட கேளு"ன்னாரு.

கேட்டேன். முதலாளி வெத்தலைய மடிச்சுக்கினே, "ஒருத்திக்குக் குடுத்தா எல்லாரும் கை நீட்டுவீங்க. இந்த ராசியிலதான் நீங்க சோறு துன்றீங்க. போய் வேலையப் பாரு"ன்னாரு.

அந்த வாரந்தான் சாலமோன் வந்தாரு. மெட்ராஸ்ல ஒரு படக் கம்பெனிக்கு ஆள் சேக்குறவரு. முன் வரிசையில உக்காந்து நாடகம் பாத்துட்டு, மறுநா காலையில கொட்டாய்க்கே வந்தாரு.

"மாமல்லபுரத்துல கடற்கரையோரமா படம் புடிக்கப் போறோம். கதாநாயகிக்குத் தங்கச்சி வேஷம். உன் குரல் நல்லாக் கீது, வசனம் சுத்தமா வருது. அடுத்த மாசம் வந்துடு"ன்னாரு. அப்புறம் கிட்ட வந்து என் தாடையப் பாத்தாரு. "பகல் வெளிச்சத்துல எடுக்குற படம்மா இது. இத ஆத்திக்கினு வா."

எனக்குத் தரையில கால் பாவல. அம்மாவுக்கு ஆள் மேல ஆள் சொல்லி அனுப்பினேன். நெலத்துல எல்லாருக்கும் தெரிஞ்சு, ஆண்டை வூட்டு அம்மாவே "உன் பொண்ணு சினிமாக்காரியாமே"ன்னு கேட்டாங்களாம். எங்கம்மா ஆயுசுல ஆண்டை வூட்டு வாயில இருந்து கேட்ட மொத நல்ல வார்த்த அது.

ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். லேடி டாக்டரு மூஞ்சியத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. கொப்புளம் ஒடைஞ்ச எடத்துல தேன் காஞ்ச மாதிரி பொருக்கு கட்டியிருந்துச்சு.

"மூஞ்சில இன்னா பூசுற?"ன்னாங்க. ஸ்பஞ்சுக் கதையச் சொன்னேன். அவங்க மூக்கச் சுளிச்சாங்க.

"ஏம்மா, கிருமிக்கு விருந்து வெச்சு வளக்குறீங்களா? ஈரத்தோட டப்பாவுல அடைச்சா பெருகாம இன்னா பண்ணும்? தெனம் வேல முடிஞ்சதும் சோப்பு போட்டு, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் கசக்கிப் பிழிஞ்சு, காத்தாட காய வெக்கணும். பிரஷ்ஷும் அதே மாதிரிதான். ஒருத்தி மூஞ்சில பட்டது இன்னொருத்தி மூஞ்சில படக் கூடாது. இது தொத்திக்கும். ஆறுற வரைக்கும் பேன்கேக் கிட்டயே போவாத. கிள்ளாத. இந்தக் களிம்பப் போடு, மாசம் முடியறதுக்குள்ள தழும்பில்லாம ஆறிப்பூடும்."

ஆறிப்பூடும்னு அவங்க சொன்னது இன்னும் காதுல கீது.

முதலாளியண்ட போய் லீவு கேட்டேன். "ஹவுஸ் ஃபுல்லா ஓடுற நாடகத்துல இளவரசிய நிறுத்தச் சொல்றியா? சினிமாவுக்குப் போறதுக்கு நான் உன் மூஞ்சிய பாலிஷ் போட்டு அனுப்பணுமா?"ன்னு கத்துனாரு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, நான் போறது அவருக்குப் புடிக்கல.

சரி, போன்னு நானே ஒரு வழி பண்ணேன். பழைய வேட்டித் துணிய வெந்நீர்ல போட்டு எடுத்து, நல்லா காய வெச்சு, துண்டு துண்டா கிழிச்சு வெச்சுக்கினேன். தெனம் ஒரு துண்டு. பாய் பாத்தும் பாக்காத மாதிரி அந்தத் துணியால மெல்லிசா பூசி வுட்டாரு. வேஷம் கலைச்சதும் களிம்பு போடுவேன். சத்தியமா சொல்றேன், பொருக்கு உதிர ஆரம்பிச்சுது. அடியில ரோஸ் கலர்ல புதுத்தோலு எட்டிப் பாத்துச்சு. அதத் தொட்டுத் தொட்டு அழுதேன்.

அந்த நேரம் பாத்தா மழ புடிக்கணும்? சாயங்காலம் புடிச்ச மழ வுடல. கொட்டாயில பாதி பெஞ்சு காலி. முதலாளி வேஷத்தோடயே உள்ள வந்தாரு. என் துணித் துண்டு பொட்டி மேல கெடந்துச்சு.

"இன்னாடி இது?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள தோழி வேஷம் கட்டுற பொன்னி, "அவ ராசி ஸ்பஞ்ச தொடறதே இல்லீங்க"ன்னுட்டா. படுபாவி! அவ கன்னத்துலயும் கொப்புளம் இருந்துச்சு.

"அதான் ஜனம் வரல! கம்பெனி ராசியக் கெடுத்தவளே!"ன்னு அந்தாளு என் துணிய எல்லாம் அள்ளி வெளியில சேத்துல வீசுனாரு. "முனீரு, அந்த ஸ்பஞ்ச எடு. எல்லாரும் பாக்கறாப்புல இவளுக்கு அழுத்திப் பூசு."

"முதலாளி, புண்ணு ஆறிக்கினு கீது..."ன்னாரு பாய்.

"பூசுறியா, வெளிய போறியா?"

பாய் பூசுனாரு. புதுத்தோலு மேல அந்த நாத்தம் புடிச்ச ஈரம் பட்டப்போ மொளகா தேச்ச மாதிரி எரிஞ்சுது. மழ வுட்டு, மறுநா கொட்டாய் ரொம்பிச்சு. இது போதாதா? "பாத்தியா ராசிய?"ன்னு முதலாளி மீசைய முறுக்குனாரு. அதுக்கப்புறம் தெனம் எனக்குத்தான் மொதல்ல பூசணும்னு உத்தரவு.

மாசம் முடிஞ்சப்போ ரெண்டு கன்னமும் தாடையும் சீழ். அப்படியும் போனேன். எப்படிப் போவாம இருக்கறது? முந்தானைய மூஞ்சில மூடிக்கினு திருக்கழுக்குன்றம் வழியா பஸ்ஸுல போனேன்.

மாமல்லபுரத்துல மணல்ல ஓலப்பந்தல் போட்டிருந்தாங்க. மேக்கப்காரர் பேரு முத்துசாமி. அவரு மேஜையப் பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுது. வெள்ளத் துண்டு மேல அலசுன பிரஷ்ஷுங்க வரிசையா படுத்துக் கெடக்குது. நிமித்தி வெச்சா தண்ணி கட்டைக்குள்ள எறங்கி முடி கொட்டிப்பூடும்னு படுக்க வெக்கிறாங்களாம். கயித்துல ஸ்பஞ்சுங்க கடல் காத்துல ஆடுது. ஒவ்வொண்ணுலயும் நூல் கட்டி சீட்டு. கதாநாயகி ஒண்ணு, கதாநாயகன் ஒண்ணு. ஒண்ணுல 'தங்கச்சி'ன்னு எழுதியிருந்துச்சு. புது ஸ்பஞ்சு, தண்ணியே படாதது.

முத்துசாமி அத அவுத்துக் கையில எடுத்துக்கினு, "முந்தானைய எடும்மா"ன்னாரு.

எடுத்தேன். அவரு கை அப்படியே நின்னு போச்சு.

"அய்யய்யோ, இதுல நான் கை வெக்க மாட்டேன். வெச்சா நாளைக்கு இங்க எல்லாரு மூஞ்சிலயும் வரும்"னாரு. திட்டி சொல்லல. பாவப்பட்டுத்தான் சொன்னாரு. அதுதான் தாங்கல.

சாலமோன் ஓடி வந்து பாத்துட்டு, "ஆத்திக்கினு வரச் சொன்னேனே"ன்னாரு. வசனம் அத்தினியும் மனப்பாடமா இருந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் கடலப் பாத்து உக்காந்திருந்தேன். வேற ஒரு பொண்ணு என் வசனத்தச் சொன்னா. அவளுக்கு 'ழ' வரவே இல்ல.

திரும்பி வந்தா, எனக்குக் கெட்ட வியாதின்னு கம்பெனி பூரா பேச்சு. கெட்டுப் போனவளாம். முதலாளி என்ன மேலும் கீழும் பாத்தாரு.

"இனி பொன்னி இளவரசி. நீ சூனியக்காரி கட்டு. அதுக்கு மூஞ்சி தேவையில்ல. முனீரு, இவளுக்குத் தனி ஸ்பஞ்சு குடுத்துடு. மத்தவங்களுக்கு ஒட்டிக்கப் போவுது."

தனி ஸ்பஞ்சு! நான் கெஞ்சிக் கேட்டது இப்பக் கெடச்சுது.

பாய் தல நிமிராம ஒண்ணக் கொண்டாந்து குடுத்தாரு. ஓரம் தேஞ்ச பழைய ஸ்பஞ்சு. ஆனா பூ மாதிரி மெத்துன்னு, நல்லாக் காஞ்சு, சந்தன சோப்பு வாசன அடிச்சுது.

"ஏது பாய் இது?"

"முதலாளியோடது. அவருக்குப் புதுசு வந்துடுச்சு."

"அவருக்கும் ராசி ஸ்பஞ்சுதானே பூசுற?"

பாய் கொரல இறக்கிச் சொன்னாரு. "பூஜை அன்னிக்கு நெத்தியில ஒத்துனதோட சரிம்மா. அப்புறம் இதான். தெனம் நாந்தான் துவைச்சுக் காய வெப்பேன். ஒரு நாள் துவைக்க மறந்துட்டேன், அதுக்கு செவுள்ல அறைஞ்சாரு."

நான் அந்த ஸ்பஞ்ச மூஞ்சிக்கிட்ட கொண்டு போனேன். சந்தன வாசன கும்முனு அடிச்சுது. வெளிய மொத மணி அடிச்சாங்க. சூனியக்காரிக்குக் கரி பூசணும்னு பாய் கைய நீட்டுனாரு, குடுத்துட்டேன்.