தண்டம் இல்லாத ஞாயிறு

வில்பிரட் பர்னாந்துவின் ஆறு சரக்குத் தோணிகளும் கப்பல் சரக்கு இறக்கும் தொழிலோடு சேர்ந்து விலைக்கு வந்தபோது, வாங்க முன்வந்தவர் ஏரல் ஊர் வியாபாரி ஆறுமுகநயினார். ஆற்றோரத்து வயலை விற்ற பணம் முழுவதும் இதற்குள் போகவிருந்தது. துறைமுகம் அவருக்குப் புதிது. பத்திரங்களைப் பார்க்க ஜெபசிங் வக்கீலை அமர்த்தினார்.

கடற்கரைச் சரக்குக் கிட்டங்கியின் மாடி அறையில் எல்லாக் காகிதங்களையும் வைத்து, அறைச் சாவியையும் வில்பிரட் வக்கீலிடமே கொடுத்துவிட்டார். ஜெபசிங் படிக்கப் படிக்க ஒரே தாளில் சுருக்கி எழுதினார். பொறுப்புகள்: இரண்டு தோணிகளின் மேல் அடமானக் கடன், தோணிப் பாய் தைத்தவருக்குப் பாக்கி. வழக்கு: நனைந்த பஞ்சுப் பொதிகளுக்காக முன்சீப் கோர்ட்டில் ஒன்று, தோற்றாலும் தாங்கலாம். மூன்றாவது, தொழில் எதை நம்பி ஓடுகிறது என்பது. வருமானத்தில் பெரும்பகுதி ஒரே கப்பல் ஏஜெண்டிடமிருந்து வந்தது.

அந்த ஏஜெண்டோடு போட்டிருந்த ஒப்பந்தத்தை மறுபடி எடுத்தார். கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலிலிருந்து ஒருநாளும் விடாமல் சரக்கு இறக்க வேண்டும்; தோணி வராத நாளுக்குத் தண்டம். தொகை சின்னதல்ல. சரக்குப் பதிவில் ஞாயிற்றுக்கிழமைகள் வெறுமையாகக் கிடந்தன. தண்டம் கட்டிய ரசீது ஒன்றுகூட இல்லை.

கீழே இறங்கி வில்பிரட்டிடம் கேட்டார். "ஞாயித்துக்கிழமை தோணி ஓடல. தண்டம் எங்க அண்ணாச்சி?"

"ஞாயித்துக்கிழமை எவன் தோணி எடுப்பான்? மாதா கோயில் பூசைக்குல்லா போவான். வேதக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதையும் சொல்லணுமா?"

"ஏஜெண்ட் ஒத்துக்கிட்டாரா?"

"எங்கய்யா காலத்திலயே கடுதாசி குடுத்துட்டாங்க. வீட்டுல கெடக்கு."

வீட்டிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் குடும்பம் தொழிலை நடத்தும்வரை ஞாயிற்றுக்கிழமைக்குத் தண்டம் இல்லை என்று அதில் இருந்தது. வில்பிரட் அந்த நிபந்தனையை இரண்டாம் முறை படித்தார்.

"ஒளிக்கணும்னு நெனைக்கல தம்பி."

"ஒளிக்கிற ஆளு சாவியக் குடுப்பாரா?" என்றார் ஜெபசிங். அதையும் மூன்றாம் தலைப்பின் கீழ் எழுதி ஆறுமுகநயினாரிடம் காட்டினார். "கை மாறுன அன்னைக்கே இந்தச் சலுகை போயிரும். உங்க பேருக்குப் புதுக் கடுதாசி வராம கையெழுத்துப் போடாதீங்க."

ஆறுமுகநயினார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆளுகள ஞாயித்துக்கிழமையும் எறக்குனா?"

"எறக்கும்," என்றார் அங்கேயே நின்ற வில்பிரட். "நீரும் வக்கீலும்தான் பாய் ஏத்தணும்."

ஆனால் மறுநாள் வில்பிரட்டே ஏஜெண்ட் ஆபீசுக்குப் போனார். ஏஜெண்ட் முதலில் இழுத்தார். இந்தத் துறையில் எந்தத் தோணிக்காரனிடம் போனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடைக்காது என்று வில்பிரட் எடுத்துச் சொன்ன பிறகு, புது முதலாளி பெயருக்கே கடிதம் கிடைத்தது. அதன்பின் கிரையம் முடிந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்த ஜெபசிங், வேதக்கோயில் வாசலில் ஓலைக் கொட்டானில் கருப்பட்டியோடு ஆறுமுகநயினார் நிற்பதைக் கண்டார்.

"என்ன அண்ணாச்சி, இங்கன?"

"கடக்கரைக்குப் போனேன். தூரத்துல கப்பல் நிக்கி. நம்ம தோணி ஆறும் தண்டமில்லாம கரையில சும்மா கெடக்கு. பாத்துட்டு நேரா இங்க வாரேன்." கொட்டானை ஜெபசிங்கின் கையில் வைத்தார். "வில்பிரட் அண்ணாச்சிக்கும் ஒண்ணு இருக்கு. அவருக்குப் பூசை முடிஞ்சிருக்குமா?"