பரிசுக்கு ஒரு ஜாமீன்

கம்பெனியின் நிர்வாக இயக்குநருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் வள்ளல். ஒரு குடிநீர்க் குழாய் கொடுத்தால், குழாயை விடப் பெரிதாகத் தன் பெயரைக் கல்லில் வெட்டி வைப்பவர். பெயிண்ட் ஆய்வகத்துக் கெமிஸ்டை மேற்படிப்புக்கு வெளிநாடு அனுப்ப முடிவானதும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வராந்தாவில் பேனர் தொங்கியது: 'எங்கள் மகளுக்கு எங்கள் பரிசு.' அதில் மகளின் முகம் தபால்தலை அளவு. வள்ளலின் முகம் கதவளவு.

பிற்பகலில் முதலாளிகள் முன்னிலையில் விழா. அதற்குள் ஒரு சின்னக் கையெழுத்து என்று சொல்லி, கெமிஸ்டைப் பயிற்சி அதிகாரியின் அறைக்கு அனுப்பினார்கள். கூடவே அவளுடைய அக்கா கணவர். டயர் கடை வைத்திருப்பவர். போட்டோவுக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நம்பி, மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் வந்திருந்தார்.

“நீங்கதான் ஜாமீன்தாரர்,” என்றார் பயிற்சி அதிகாரி.

“ஐயையோ, யாரைப் பிடிச்சு உள்ள வெச்சிருக்காங்க?”

அதிகாரி சிரிக்கவில்லை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், 'விளக்கிச் சொன்னேன், அவர்கள் புரிந்துகொண்டார்கள்' என்று அவரும் கையெழுத்துப் போட வேண்டும். இதுவரை எல்லா அதிகாரிகளும் விளக்காமலே போட்டுவந்த கையெழுத்து அது. இவர் விளக்கினார்.

“படிப்புக் கட்டணம், விமான டிக்கெட், அங்க தர்ற செலவுத்தொகை, படிக்கிற காலத்துச் சம்பளம், எல்லாமே சேர்ந்துதான் கணக்கு. திரும்பி வந்து நாலு வருஷம் வேலை பார்த்தா அது தீர்ந்துடும். படிக்கிற காலம் அந்த நாலுல சேராது. மறுபடி வேலையில சேர்ற அன்னைக்குத்தான் எண்ண ஆரம்பிப்பாங்க.”

“மூணு வருஷம் பார்த்துட்டு விலகினா?” என்று கேட்டாள் கெமிஸ்ட்.

“முழுசையும் வட்டியோட கட்டணும். பார்த்த காலத்துக்குத் தகுந்தபடி கழிக்கிறதுதான் நியாயம். இதுல அது எழுதல.”

“இவ கட்டலேன்னா?” என்றார் அத்தான்.

“உங்ககிட்ட கேப்பாங்க.”

“முதல்ல இவ மேல கேஸ் போட்டு, அதுல ஒண்ணும் தேறலேன்னாதானே?”

“இல்லீங்க. நேரா உங்க கடைக்கே வரலாம்.”

அத்தான் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டார்.

கெமிஸ்ட் நாற்காலி நுனிக்கு வந்தாள். “இந்த ஆய்வகத்தையே மூடப்போறதாப் பேச்சு அடிபடுது சார். நான் பட்டத்தோட வந்து நிக்கும்போது வேலையே இல்லேன்னா?”

“'எக்காரணத்தாலும் பணிக்காலத்தை முடிக்காவிட்டால்'னு இருக்கும்மா.”

“நீங்களே வேலை தரலேன்னாலும்?”

“எக்காரணம்னா அதுவும்தான்,” என்றார் அதிகாரி, ஃபேனைப் பார்த்தபடி.

“அப்ப வேலையும் தர மாட்டீங்க, பணத்தையும் என் அத்தான்கிட்ட பிடுங்குவீங்க. இதுக்குப் பேரு பரிசு!”

குரல் வராந்தா வரை போயிருக்க வேண்டும். மாலையின் எடையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த வள்ளல் உள்ளே வந்தார்.

“என்னம்மா இது? ஒரே குடும்பம் நாம. குடும்பத்துக்குள்ள வக்கீல் மாதிரி பேசலாமா?”

“குடும்பம்னா எதுக்கு சார் ஜாமீன்? உங்க சொந்த மகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பினப்ப டயர் கடைக்காரர்கிட்டயா எழுதி வாங்கினீங்க?”

“இதெல்லாம் வெறும் வார்த்தைம்மா. நான் இருக்கேன்ல?”

“வெறும் வார்த்தைதானே, மாத்துங்க. நீங்க ரிட்டயர் ஆகிடுவீங்க. இந்தக் காகிதம் ஆகாது.”

“எத்தனை பேரு இந்த வாய்ப்புக்குக் காத்துக் கிடக்கிறாங்க தெரியுமா?”

“கூப்பிடுங்க. பேனர்ல மூஞ்சியை மட்டும் மாத்திக்கலாம். சின்ன மூஞ்சிதான், செலவு கம்மி.”

வள்ளலின் முகம் சிவந்தது. அதிகாரியின் பக்கம் திரும்பினார். “நீங்க என்னத்தய்யா விளக்கினீங்க?”

“இருக்கிறதைத்தான் சார். இவங்களுக்கு நல்லாப் புரிஞ்சுது, அதனால கையெழுத்துப் போடலைன்னு எழுதி முதலாளிங்களுக்குக் கொடுத்துடவா?”

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வள்ளல் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். இறங்குவது முதலாளிகள்தான். பேனா தானாகவே அவர் கைக்கு வந்தது. “மாத்தித் தொலைங்கய்யா,” என்று அதை அதிகாரியிடம் நீட்டினார்.

அதிகாரி இரண்டு வாக்கியங்களை ஓரத்தில் எழுதினார். பார்த்த காலத்துக்கு ஏற்பத் தொகை குறையும். கம்பெனியே தகுதிக்கேற்ற வேலை தராவிட்டால், கெமிஸ்டுக்கும் ஜாமீன்தாரருக்கும் பொறுப்பு இல்லை. 'எக்காரணத்தாலும்' என்பதை அடித்து, 'தன் விருப்பத்தால்' என்று மாற்றினார். ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் எல்லோரும் சுருக்கொப்பம் இட்டார்கள். அத்தான் ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் போட்டார். ஆளுக்கொரு நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மேடையில் வள்ளல் மைக்கைப் பிடித்தார். “என் மகளுக்கு ஒரு கஷ்டமும் வரக்கூடாதுன்னு, நானே யோசிச்சு ரெண்டு சலுகை சேர்த்தேன்!”

கைதட்டல் கூரையைத் தொட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள் கெமிஸ்ட்.

“கொஞ்சம் சிரிங்கம்மா,” என்றார் போட்டோக்காரர்.

“அது ஒப்பந்தத்துல இல்லை.”