திரைக்குப் பின்னால் கேட்பவள்

பள்ளிவாசல் கமிட்டித் தலைவர் கரீம் பாய் ஃபோனை நம்பினார். மைமூனுக்கு அதிலிருந்தே கோபம் தொடங்கிவிட்டது.

ரமலான் மாத தராவீஹ் தொழுகையில் குர்ஆன் முழுவதையும் பார்க்காமல் ஓதி முடிக்க ஒரு ஹாஃபிஸ் வேண்டும். அவருக்கு நேர் பின்னால், அவர் பிசகினால் எடுத்துக்கொடுக்க, முழுக்க மனப்பாடம் செய்த இன்னொரு ஹாஃபிஸும் வேண்டும். உப்பளங்களை ஒட்டிய அந்தச் சின்னப் பள்ளிவாசலில் எப்போதும் அப்படித்தான் நடந்துவந்தது. இந்த வருடம் பின்னால் நிற்க வேண்டிய மார்க்க அறிஞர் ஹஸ்ரத், இதய ஆபரேஷனுக்காகப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார்.

"இன்னொரு ஆளுக்கு எங்க போறது? நம்ம ஜாபர் ஃபோன்ல குர்ஆன் இருக்குது. நாற்காலியில உக்காந்து தொழறவன்தானே, முன்னாடி ஒரு ஸ்டாண்டு வெச்சுப் பாத்துக்கட்டும்" என்றார் கரீம் பாய்.

இன்னொரு ஹாஃபிஸ் அந்தத் தெருவிலேயே இருந்தாள். மைமூன்தான். ஓதப்போகும் இலியாஸ் அவள் தம்பி. அவன் பாதி மனனம் செய்துகொண்டிருந்தபோதே அவள் முடித்துவிட்டாள். கிளியனூர்ப் பக்கத்து மதரஸாவில் உஸ்தாத் அம்மா எதிரில் உட்கார்ந்து, அவள் முழுவதும் ஓத, அவர் முழுவதும் கேட்டார். அவர் ஓத இன்னொருவர் கேட்டிருக்கிறார். அப்படிக் காதுகளாலேயே பின்னிப் பின்னிப் பின்னோக்கிப் போகும் சங்கிலி அது. அதில் கடைசிக் கண்ணி தான் என்பது மைமூனுக்குப் பெரிய பெருமை. அதைக் காட்டிக்கொள்ள இடம்தான் இல்லை.

தினமும் காலையில் அத்தாவின் உப்பளத்து வரப்பில் தம்பியை உட்காரவைத்து ஓதச் சொல்வாள். அவன் தவறினால் சொல்லித்தர மாட்டாள். தரையில் ஒரு தட்டு, அவ்வளவுதான். அவனே திரும்பிப் போய்த் தேட வேண்டும். தேடிக் கிடைக்காவிட்டால் மட்டும் ஒரு சொல்.

"சொல்லித் தொலையேன்க்கா, வெயில் ஏறுது!"

"உப்பு மட்டும் காயட்டுமா, நீயும் கொஞ்சம் காய்."

அவன் பயந்ததெல்லாம் ஒத்த வசனங்களுக்குத்தான். ஒரே கதை பல அத்தியாயங்களில் வரும். சில வரிகள் அப்படியே ஒன்றாக இருக்கும், அதன் பிறகு பாதை பிரியும். வேகமாக வருகிற நாக்கு பழகிய பக்கம் திரும்பிவிடும். திரும்பியது நாக்குக்குத் தெரியாது, ஏனென்றால் அங்கேயும் குர்ஆன்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

அன்று இரவுத் தொழுகையில் அஃராஃப் அத்தியாயம். மூஸா நபியின் கைத்தடி சூனியக்காரர்களின் வித்தையை விழுங்குகிறது. அவர்கள் நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்து, "அகிலங்களின் இறைவனை நம்பினோம், மூஸாவுக்கும் ஹாரூனுக்கும் இறைவனானவனை" என்கிறார்கள். இந்த இரண்டு வசனங்களும் ஷுஅரா அத்தியாயத்திலும் எழுத்து பிசகாமல் அப்படியே இருக்கின்றன. அடுத்த வசனத்தில்தான் அடையாளம்: அஃராஃபில் எகிப்து மன்னன் ஃபிர்அவ்னின் பெயர் வரும், ஷுஅராவில் பெயரில்லாமல் "அவன் சொன்னான்" என்று மட்டும் வரும்.

இலியாஸ் பெயரைச் சொல்லவில்லை.

பக்கத்து அறையில், துணித்திரைக்குப் பின்னால், பெண்கள் வரிசையில் நின்ற மைமூனுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவன் ஷுஅராவில் சறுக்கிப் போய்க்கொண்டிருந்தான். இன்னும் சில வசனங்களில் கடலைப் பிளந்து தாண்டிவிடுவான். வெள்ளமும் வெட்டுக்கிளியும் தவளையும் இரத்தமும் வரும் அஃராஃபின் வசனங்களை ஊர் கேட்காமலே போய்விடும். அதன் பிறகு மாதக் கடைசியில் முழுக்க ஓதி முடித்ததாக இனிப்புக் கொடுப்பார்கள்.

ஜாபரின் பக்கமிருந்து சத்தமே இல்லை.

இமாம் தவறினால் ஆண்கள் வாயால் சொல்லலாம், பெண்கள் கைதட்ட வேண்டும். மைமூன் ஒரு கையின் மேல் மறு கையைத் தட்டினாள். இலியாஸ் நின்றான், பின்னால் போனான், மறுபடி ஓடிவந்தான், அதே இடத்தில் அதே பக்கம் சறுக்கினான். மறுபடி தட்டினாள். மறுபடி அதே பள்ளம். தவறு என்று சொல்லத்தான் தட்டலால் முடியும், சரியான சொல்லை அது எப்படித் தரும்?

"கால ஃபிர்அவ்னு" என்றாள் மைமூன்.

'ஃபிர்அவ்ன் சொன்னான்', இரண்டே சொற்கள். இலியாஸ் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறினான்.

தொழுகை முடிந்ததும் கரீம் பாய் திரைக்கருகே வந்து கத்தினார். "யாரும்மா அது? பள்ளிக்குள்ள பொம்பளை சத்தம்! ஸ்பீக்கர்ல ரோடு வரைக்கும் போயிருக்கும்!"

"நான்தான், மைமூன். உங்க ஜாபர் பாய் தூங்கிட்டாரா?"

"தூங்கலம்மா" என்றார் ஜாபர் பாவமாக. "அவன் பாட்டுக்குச் சரளமா ஓதறான். நான்தான் வரியைத் தவற விட்டேன்னு நெனச்சு பக்கம் பக்கமாத் தள்ளிட்டிருந்தேன்."

மைமூன் சிரித்தாள். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை. "கேட்டீங்களா பாய்? கையில எழுத்து இருக்குறவருக்குத் தப்பு தன்னோடதுன்னு தோணுது. இதுக்குத்தான் பின்னால மனப்பாடம் பண்ண ஆளை நிறுத்தறது. முதமுதல்ல எழுதினப்போ எழுத்துக்குப் புள்ளி கிடையாது. பே, தே, ஸே மூணு எழுத்தும் பாக்க ஒரே பல்லு மாதிரி. ஊர் ஊரா பிரதி அனுப்பினப்போ அதைத் தனியாவா அனுப்பினாங்க? ஓதிக் காட்டுற ஆளையும் கூடவே அனுப்பினாங்க. ஏடு தப்பாயிட்டா ஏட்டுக்குத் தெரியாது. ஒருத்தர் தப்பா ஓதினா கேக்குறவங்க அங்கேயே பிடிச்சிடுவாங்க. உங்க ஃபோன்ல இருக்குறதையும் ஹாஃபிஸுங்க உக்காந்து சரிபாத்துத்தான் விட்டிருப்பாங்க."

"பாடம் எடுக்காத. உன் தம்பி தடுமாறினா ஓதறதை நிறுத்திக் குனிஞ்சு ருகூவுக்குப் போயிருப்பான், அப்புறமா பாத்துக்கலாம்."

"அப்புறமா யாரு பாக்குறது? எங்க தப்புன்னு இங்க யாருக்குத் தெரியும்?"

கரீம் பாய் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். அதுவே அவளுக்கு இன்னும் எரிந்தது.

"நாளையிலேர்ந்து பொம்பளைங்க ரூமுக்குப் பூட்டு" என்றார் கரீம் பாய்.

இலியாஸ் தலையைக் குனிந்து நின்றான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அவனையும் விடவில்லை. "வாயில என்னடா, உப்பு மூட்டையா? என் தொண்டையாலதானே தப்பிச்சே!"

மறுநாள் நோன்பு திறந்த கையோடு அவன் பள்ளிக்குப் போய், கேட்க ஆள் இல்லாமல் தன்னால் ஓத முடியாது என்று சொல்லிவிட்டான். கமிட்டி கூடியது. ஆஸ்பத்திரியிலிருந்து ஹஸ்ரத் ஸ்பீக்கரில் பேசினார். தொழுகை முறியவில்லை, சகோதரி தம்பிக்கு எடுத்துக்கொடுத்தாள், அந்தப் பெண்ணைத் திரைக்குப் பின்னால் நிற்க விடுங்கள் என்றார். கரீம் பாய் மரியாதையாகக் கேட்டு ஃபோனை வைத்தார். பிறகு முடிவைச் சொன்னார். முழுக் குர்ஆன் வேண்டாம். குர்ஆன் கடைசியில் அலம்தரவிலிருந்து வரும் சின்ன சூராக்கள் போதும், அது எல்லோருக்கும் தெரியும்.

இலியாஸ் வந்து சொன்னபோது மைமூன் தண்ணீர்ச் சொம்பைத் தரையில் வைத்த சத்தத்தில் அத்தா எழுந்து வந்தார்.

"ஒரு பொம்பளை கேக்கக் கூடாதுன்னு ஊரே கேக்காம இருக்கப் போகுதா?"

அத்தா கூடத்துச் சாமான்களை ஒதுக்கிப் பாய்களை விரித்தார். சேதி தெரிந்து பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். "விடும்மா, எல்லாம் நல்லதுக்குத்தான். நமக்குன்னு ஒரு ஜமாஅத் ஆச்சு" என்றார் சபீனா மாமி.

"நல்லது இல்ல மாமி. பள்ளியில ஓத வேண்டியது பள்ளியில நின்னு போச்சு. அதுக்கு இது ஈடு இல்ல. யாரும் எங்கிட்ட அப்படிச் சொல்லாதீங்க."

இலியாஸ் முன்னால் போய் நின்றான், அத்தா அவனுக்குப் பின்னால். பெண்கள் கடைசி வரிசையில். அங்கிருந்து தம்பிக்குக் குரல் எட்டும், திரையும் இல்லை.

"அஃராஃப்ல விட்ட இடத்துலேர்ந்து எடுக்கட்டுமா அக்கா?"

"இல்ல. முதல்லேர்ந்து."

"நாள் போதாதுக்கா. தினமும் ரெண்டு மடங்கு ஓதணும்."

"ஓது. நான் நிக்கிறேன்."