அச்சாரம் கேட்க வாய் வராதவர்

என் வீட்டுக்காரர் அடைக்கலராஜ் மரத்தில் மயிலைச் செதுக்குவார். எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் ஒரு வார்த்தை கேள் என்றால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்தக் குணத்தோடு கொடைக்கானலில் தச்சுப்பட்டறை வைத்தவரைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

அவர் பழகியது அப்படி. மிஷன் பங்களாக்களில் வேலை செய்தால் நாற்காலி போய்ச் சேர்ந்து, துரைசானி உட்கார்ந்து பார்த்து, மாதக் கடைசியில் கவரில் பணம் வரும். முன்பணம் என்று யாரும் கேட்டதில்லை, கேட்டால் மரியாதைக் குறைவு என்று பெரிய ஆசாரிகளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த மரியாதையை நம்பித்தான், போன சீசனில் சென்னைக்காரர் ஒருவர் தம் பங்களாவின் சரிந்த கூரைக்கு ஏற்ப அலமாரி கேட்டபோது, கடனுக்குத் தேக்கு வாங்கிச் செய்தார். அலமாரி முடிவதற்குள் மனிதர் பங்களாவையே விற்றுவிட்டுப் போய்விட்டார். ஒரு பக்கம் உயரமும் ஒரு பக்கம் குட்டையுமான அந்த அலமாரியை எந்த வீட்டில் வைப்பது? வத்தலக்குண்டு மரக்கடைக்காரர் அன்றோடு கடன் கொடுப்பதை நிறுத்தினார். பட்டறை வாடகையும் நின்றது. இந்த மாதமும் கட்டாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு, அதே மரக்கடையில் தினக்கூலிக்கு இழைப்புளி தள்ளப் போக வேண்டியதுதான்.

இந்த நேரத்தில்தான் கன்னிவாடியிலிருந்து சேனாதிபதி என்ற வெங்காயத் தரகர் ஆள் சொல்லி அனுப்பினார். மகள் கல்யாணத்துக்குக் கட்டில் வேண்டும். தலைமாட்டில் இரண்டு மயில், நடுவில் பெண் மாப்பிள்ளை பெயர். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும்போது நேரிலேயே வந்து பேசுவதாகச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை முழுக்க எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்புக்கும் பட்டறைக்கும் நடந்து நடந்து, கடைசியில் அவரை நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுத்தேன்.

"சந்தேகப்படுற மாதிரியே இருக்கக் கூடாது. இப்படிச் சொல்லுங்க. ஐயா, இதுல உங்க வீட்டுப் பேரு செதுக்குறோம். செதுக்குனப்புறம் இந்தக் கட்டில் உங்களுக்கு மட்டுந்தான் ஆகும், வேற யாருக்கும் விக்க முடியாது. மரத்த ரொக்கம் குடுத்துத்தான் எடுக்கணும். பாதிய முன்ன குடுத்தீங்கன்னா நல்ல மரமாப் பாத்து எடுத்து வேலையத் தொடங்கிருவோம். மீதிய கட்டில் வீடு வந்து சேந்தப்புறம் குடுங்க. புதுசா வர்ற எல்லார்கிட்டயும் இதான் நம்ம வழக்கம்."

"எல்லார்கிட்டயுமா? நாம யார்கிட்டயுமே கேட்டதில்லையே புஷ்பம்."

"நாளையிலருந்து வழக்கம்."

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாலு தரம் ஒப்பித்தார். நாலாவது தரம் நன்றாகவே வந்தது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் திரும்பவும் சேனாதிபதி வரவும் சரியாக இருந்தது. கனத்த உடம்பு, கழுத்தைச் சுற்றிக் கம்பளி மப்ளர், குளிரைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்தார். காப்பி கொடுத்தேன். நீளம், அகலம், கால் கடைசல் எல்லாம் பேசினார்கள். பெண் பெயர் சண்முகசுந்தரி, மாப்பிள்ளை ஞானவேல். நூற்றைம்பது ரூபாய் என்று முடிந்தது. மனிதர் பேரம்கூடப் பேசவில்லை.

"அப்புறம்?" என்றார் சேனாதிபதி.

இதோ கேட்டுவிடுவார் என்று நான் கதவோரம் விரலைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்புறம் ஒண்ணுமில்லீங்க," என்றார் இவர்.

நான் இருமினேன். இவர் பென்சிலை எடுத்துக் காதில் செருகினார், திரும்ப எடுத்தார். சேனாதிபதி மடியைத் தடவிக்கொண்டே, "வேற எதுவும் சொல்லணுமா? மனசுல இருந்தாச் சொல்லுங்க," என்றார். கேட்பதற்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா? மறுபடியும் இருமினேன்.

"வீட்டுல தொண்ட சரியில்ல போல," என்றார் என் புத்திசாலி.

சேனாதிபதி எழுந்துகொண்டார். முகம் வந்தபோது இருந்த மாதிரி இல்லை. "சரி, பாப்போம்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

வேலை கொடுத்தவன் பாப்போம் என்று சொல்ல மாட்டான். இவரோ, "பாவம், கல்யாணச் செலவுல இருக்கிற மனுசன், எப்படிக் கேக்குறது," என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் காப்பி டம்ளரை அங்கேயே போட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

மலைமேலிருந்து மஞ்சு இறங்கித் தெருவை மூடியிருந்தது. காரட் மூட்டைகளைக் கூரையில் ஏற்றி முடித்த பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் சேனாதிபதி உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, கட்டில் விஷயம்..."

"அத திண்டுக்கல்லு ஆசாரிகிட்டயே குடுத்துருவேன் தாயி. ஒங்க வீட்டுக்காரருக்கு வேலை செய்ய மனசில்ல."

"மனசில்லையா? வேலை இல்லாமத்தான் தவிச்சுக் கெடக்கோம்!"

"பெறகு எதுக்கு அச்சாரம் கேக்கல?"

"அச்சாரமா?" என்றேன்.

"வெள்ளனே வெத்தல வாங்கி, பணத்த வச்சு மடியில கட்டிக்கிட்டு வந்தேன். அப்புறம், அப்புறம்னு கேட்டுக்கேட்டுப் பாத்தேன். ஒண்ணுமில்லங்குறாரு. எங்க யாவாரத்துல அச்சாரம் வாங்காதவன் வாக்குக் குடுக்கல. நாளைக்குத் துரை ஒருத்தர் சோலி சொன்னா என் கட்டிலத் தூக்கிப் போட்டுட்டு அங்கிட்டுப் போயிருவாரு. கேக்க எனக்கு வாயேது? கல்யாணத்தன்னைக்கு என் மகள தரையில படுக்க வைக்கவா?"

அச்சாரம் என்றால் மாட்டுக்கும் நிலத்துக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மிஷன் ஹாஸ்டலில் வளர்ந்த எனக்கு வேறென்ன தெரியும். அவர் எங்களை நம்பலாமா என்று தவித்திருக்கிறார். நாங்கள் அவரை நம்பாதது போல் தெரிந்துவிடுமோ என்று தவித்திருக்கிறோம். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இப்பக் குடுங்கய்யா," என்று கையை நீட்டினேன்.

"ஒங்க கையில குடுக்க மாட்டேன் தாயி. வேலை செய்யிறவர் வாயால கேக்கணும், அவர் கையால வாங்கணும்."

கண்டக்டர் விசில் ஊதினார். திரும்பிப் பார்த்தால், மஞ்சுக்குள்ளிருந்து இவர் ஓடி வருகிறார். வேட்டி முழுக்க மரத்தூள். என்னைத் தேடித்தான் வந்திருக்கிறார், பாவம்.

"கேளுங்க!" என்று கத்தினேன். "மனுசன் அச்சாரத்தக் கையில வச்சுக்கிட்டு இருக்காரு, கேளுங்க!"

பஸ் மெல்ல நகர்ந்தது. இவர் கூடவே ஓடினார். "ஐயா, மரம்... பேரு செதுக்கினா... எல்லார்கிட்டயும் வழக்கம்..." ஒப்பித்தது எல்லாம் தலைகீழாக வந்தது. அப்புறம், அதுவரை நான் கேட்டறியாத குரலில், "அச்சாரம் குடுங்க ஐயா!" என்றார்.

"ஏப்பா, நிறுத்து!" என்று சேனாதிபதி போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை அழுத்தினார். மனிதர் மடியை அவிழ்த்தார். வெற்றிலை வாடிப்போயிருந்தது. அதன்மேல் எழுபத்தைந்து ரூபாயை வைத்து ஜன்னல் வழியாக நீட்டினார். இவர் இரண்டு கையையும் ஏந்தி வாங்கினார். வாங்கினவர் சும்மா இருந்தாரா? "இவ்வளவு வேண்டாங்க, அம்பது..." என்று ஆரம்பித்தார். காலை மிதித்தேன்.

"நான் பின்வாங்குனா இது ஒங்களுது. நீங்க பின்வாங்குனா எனக்கு ரெட்டிப்பாத் தரணும். ஆவணி பொறக்க முந்தி கட்டில் வந்துரணும்," என்றார் சேனாதிபதி. "இன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்குவேன்."

பஸ் வளைவில் மறைந்தது. அடுத்த பஸ்ஸுக்குக் கிடந்த ஒரு காரட் மூட்டைமேல் உட்கார்ந்தேன். வாடகை, பட்டறை எல்லாம் பிழைத்தது என்று மனம் குதித்தது. இவரோ கையிலிருந்ததையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க, வீட்டுக்குப் போவோம்."

"நீ போ புஷ்பம். மரம் எடுக்க வத்தலக்குண்டுக்கு அடுத்த பஸ் எப்பன்னு கேக்கணும்." வெற்றிலையோடு பணத்தை மடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். "வாங்கிட்டோம்ல. இனி எனக்கு எங்கிட்டுத் தூக்கம்?"